பில்கள் இணைக்கப்பட்டுள்ளதா, இணைக்கப்பட்டுள்ளனவா?

அலுவலக மின்னஞ்சலைத் தமிழில் எழுதுகிறவர்களிடம் ஒரு பிழை மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘விவரங்கள் அனுப்பப்பட்டுள்ளது’, ‘பணிகள் நடைபெற்று வருகிறது’, ‘பில்கள் இணைக்கப்பட்டுள்ளது’. ர, ற மாறாமல், ஒற்று விடாமல், கவனமாக எழுதுகிறவர்களும் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். எழுவாய் பன்மையாகத் தொடங்கியிருக்கும், வினை ஒருமையில் முடிந்திருக்கும். பள்ளியில் ‘ஒருமை பன்மைப் பிழை நீக்கி எழுதுக’ என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர்களும் இதற்கு விலக்கில்லை.

மேலாளருக்கு வாரம் ஒருமுறை அனுப்பும் நிலவர மடலில் இது அதிகம் தென்படும். எட்டு, பத்து வரி மடல் அது. ஒவ்வொரு வரியும் ‘இது முடிந்தது, அது நடக்கிறது, இவர் ஒப்புக்கொண்டார்’ என்றுதான் போகும். அதாவது, மடல் முழுவதுமே வினைமுற்றுகளின் மேல்தான் நிற்கிறது. அந்த முடிவுகள் ஆட்டம் கண்டால் தகவலும் ஆட்டம் காணும்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு மடலை எழுதிப் பார்ப்போம். ஓர் ஏரியைச் சீரமைக்கும் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர், தன் திட்ட மேலாளருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளலாம்.

> வணக்கம் மேடம்,
>
> ஏரிப் பணியின் இந்த வார நிலவரம்:
>
> கரையில் இருந்த சீமைக்கருவேல மரங்கள் அகற்றப்பட்டுவிட்டது. இரண்டு மதகுகளுக்கும் புதிய கதவு பொருத்தும் பணி முடிந்துள்ளன. வரத்துக் கால்வாயில் இருந்த அடைப்புகள் பொக்லைன் இயந்திரத்தின் மூலம் நீக்கப்பட்டது. நானும் உதவிப் பொறியாளரும் வியாழக்கிழமை கலிங்கைப் பார்வையிட்டேன். வண்டல் மண்ணை எடுத்துக்கொள்ள விவசாயிகள் சங்கம் ஒப்புக்கொண்டனர். இன்னும் கையெழுத்திடவில்லை. கரையை உயர்த்த 40 லோடு கிராவல் திங்கட்கிழமை வரும். இதுவரையான பில்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.
>
> நன்றி.

எட்டு வாக்கியங்கள். ஆறில் எழுவாயும் வினையும் ஒத்துப்போகவில்லை. மீதி இரண்டில் இலக்கணப்படி குறையே இல்லை, ஆனால் அவற்றில் ஒன்றுதான் இந்த மடலிலேயே மோசமான வாக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், இந்தப் பிழை ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது என்று பார்க்க வேண்டும். நாம் பேசும் தமிழில் அஃறிணைக்குப் பன்மை வினை கிடையாது. ‘மரமெல்லாம் வெட்டியாச்சு’, ‘பில்லெல்லாம் வந்துருச்சு’, ‘மாடுங்க மேயுது’ என்றுதான் சொல்வோம். ஒரு மாடு மேய்ந்தாலும் ‘மேயுது’, ஒன்பது மாடு மேய்ந்தாலும் ‘மேயுது’. ‘மேய்கின்றன’ என்று வீட்டிலோ கடைத்தெருவிலோ பேசுகிறவரை நான் கண்டதில்லை. இது பேச்சின் குறையும் அல்ல. பேச்சு மொழி தனக்கு வேண்டாததை உதிர்த்துக்கொண்டு போயிருக்கிறது. எழுத்து மொழி அதை உதிர்க்காமல் வைத்திருக்கிறது. ‘வந்துருச்சு’ என்று மனத்தில் எழும் சொல்லை விரல் ‘வந்துவிட்டது’ என்று மாற்றித் தட்டுகிறது. ‘வந்துவிட்டன’ என்று மாற்ற இன்னும் ஒரு படி ஏற வேண்டும். அவசரத்தில் அந்தப் படி விட்டுப்போகிறது.

அதனால்தான் ‘ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பிழை தெரியும்’ என்ற பொதுவான அறிவுரை இங்கே பயன்படுவதில்லை. நம் காதுக்கு ‘மரங்கள் அகற்றப்பட்டுவிட்டது’ என்பது உறுத்தவே உறுத்தாது. கணினியின் சொற்பிழை திருத்தியும் பெரும்பாலும் உதவாது. அது ஒவ்வொரு சொல்லாகத்தான் பார்க்கும். ‘மரங்கள்’ சரியான சொல், ‘அகற்றப்பட்டுவிட்டது’ சரியான சொல். சிவப்புக்கோடு விழக் காரணமில்லை.

எனவே காதை நம்பாமல் ஒரு கேள்வியை நம்ப வேண்டியிருக்கிறது. வாக்கியத்தின் கடைசி வினையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் எது, எவை, யார் என்று கேட்க வேண்டும். ‘அகற்றப்பட்டது எது?’ என்று கேட்டால் ‘மரங்கள்’ என்று பதில் வரும். கேள்வியே ‘எவை’ என்று திருந்திவிடும். வினையும் ‘அகற்றப்பட்டுவிட்டன’ என்று திருந்தும். மூன்றாவது வாக்கியமும் கடைசி வாக்கியமும் இதே வகைதான்: அடைப்புகள் நீக்கப்பட்டன, பில்கள் இணைக்கப்பட்டுள்ளன.

மூன்றாவது வாக்கியத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘அடைப்புகள்’ என்ற எழுவாய்க்கும் ‘நீக்கப்பட்டது’ என்ற வினைக்கும் நடுவே ‘பொக்லைன் இயந்திரத்தின் மூலம்’ என்று ஒருமைச் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. வினையை எழுதும் நேரத்தில் மனத்தில் கடைசியாக நிற்பது இயந்திரம். வினை அதற்கு ஒத்தாற்போல் முடிந்துவிடுகிறது. இடையில் சேரும் சொற்கள் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். ‘சென்ற வாரம் கேட்டிருந்த நில அளவை வரைபடங்கள், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒப்புதல் கடிதத்துடன் பெறப்பட்டுள்ளது’ என்று ஒருவர் எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியாது. எழுவாயை எங்கோ விட்டுவிட்டு வெகுதூரம் நடந்து வந்திருக்கிறார்.

இரண்டாவது வாக்கியத்தில் பிழை எதிர்த்திசையில் போகிறது. ‘இரண்டு மதகுகளுக்கும் புதிய கதவு பொருத்தும் பணி முடிந்துள்ளன’. முடிந்தது எது? மதகுகள் அல்ல, பணி. அது ஒன்றுதான். தமிழில் அடைமொழியெல்லாம் முன்னால் வந்து, தலைமைச் சொல் கடைசியில் நிற்கும். ‘இரண்டு மதகுகளுக்கும்’ என்ற பன்மை வாக்கியத்தின் முகப்பிலேயே கண்ணில் பட்டுவிடுவதால், கவனமாக எழுத நினைப்பவர் ‘ன’ போட்டுவிடுகிறார். பிழையைத் தவிர்க்கும் முனைப்பில் வரும் பிழை இது. ‘கரைகளின் உயரம் கூட்டப்பட்டுள்ளன’, ‘பயனாளிகளின் பட்டியல் தயாராகிவிட்டன’ என்பவையும் இந்த வகையே. உயரம் ஒன்று, பட்டியல் ஒன்று.

எழுவாயைத் தேடும்போது ஓர் அடையாளம் கைகொடுக்கும். எழுவாய் வேற்றுமை உருபு ஏற்காமல் நிற்கும். ‘மதகுகளுக்கு’, ‘கரைகளின்’, ‘மரங்களை’, ‘இயந்திரத்தால்’ என்று உருபோடு நிற்கிற சொல் எதுவும் எழுவாய் ஆகாது. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால், உருபில்லாமல் நிற்கும் பெயர்தான் வினையின் முடிவைத் தீர்மானிக்கும்.

நான்காவது வாக்கியத்தில் சிக்கல் ஒருமை பன்மையோடு நிற்கவில்லை, இடமும் சேர்ந்துகொள்கிறது. ‘நானும் உதவிப் பொறியாளரும் பார்வையிட்டேன்’. மனம் ‘நான்’ என்பதிலேயே நின்றுவிட்டது. தன்னோடு வேறு யார் சேர்ந்தாலும் ‘ஓம்’ என்றுதான் முடிய வேண்டும்: பார்வையிட்டோம். இது வெறும் இலக்கண நயம் அன்று. ‘பார்வையிட்டேன்’ என்று முடிந்தால், பொறியாளர் உண்மையில் கலிங்குவரை வந்தாரா, சாலையோடு திரும்பிவிட்டாரா என்று மேலாளர் யோசிக்க இடமிருக்கிறது. பின்னாளில் கலிங்கில் விரிசல் கண்டால், யார் பார்த்தார்கள் என்ற கேள்வி வரும்போது இந்த ஒரு எழுத்தைத்தான் தேடிப் படிப்பார்கள்.

ஐந்தாவது வாக்கியத்தில் தங்கி நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘விவசாயிகள் சங்கம் ஒப்புக்கொண்டனர்’. சங்கம் என்பது அமைப்பு. அது அஃறிணை, ஒருமை. ‘ஒப்புக்கொண்டது’ என்பதே இயைபு. ஆனால் எழுதியவர் மனத்தில் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். அவர் பார்த்தது வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தலையாட்டிய நாலைந்து பேரை. இங்கே திருத்தத்துக்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் வேறு வேறு செய்தியைச் சொல்லும். ‘சங்கம் ஒப்புக்கொண்டது’ என்றால் முறையாகக் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள், அந்த முடிவு எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்று மேலாளர் எடுத்துக்கொள்வார். ‘சங்க உறுப்பினர்கள் சிலர் ஒப்புக்கொண்டனர்’ என்றால் பேச்சளவில்தான் சம்மதம், தீர்மானம் இன்னும் வரவில்லை. வண்டல் மண்ணை எங்கே கொட்டுவது, எத்தனை டிராக்டர் வரும் என்பதெல்லாம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. வினையை மட்டும் மாற்றினால் போதாது. நடந்தது என்ன என்று எழுதியவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். குழு, நிர்வாகம், துறை, ஊராட்சி மன்றம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மனிதர்களைப் பற்றிய வினையில் மரியாதையும் குறுக்கே வருகிறது. ‘ஆர்’ விகுதி இன்றைக்கு ஒருவரை மதிப்போடு சொல்லப் பயன்படுகிறது: பொறியாளர் வந்தார். பலர் என்றால் வந்தார்கள், அல்லது வந்தனர். சிலர் மரியாதையைக் கூட்டுவதாக எண்ணி ‘உதவிப் பொறியாளர் வந்திருந்தனர்’ என்று எழுதுகிறார்கள். படிப்பவர் எத்தனை பேர் என்று தேடுவார். ‘ஒப்பந்ததாரர் விலையைக் குறைக்கச் சம்மதித்தனர்’ என்று ஒரு வரி வந்தால், விலைப்புள்ளி கொடுத்த எல்லாருமே குறைத்தார்களா, ஒருவர்தானா? பெயர்ச்சொல்லில் ‘கள்’ இல்லாதபோது எண்ணிக்கையைச் சொல்வது வினை மட்டுமே.

இது தமிழின் பழைய இயல்பு. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்று இரண்டும் சொல்லலாம். ‘மாடு’ என்ற சொல் மாறவில்லை, வினைதான் ஒன்றா பலவா என்று காட்டுகிறது. இத்தகைய அஃறிணைப் பெயர்களின் எண் வினையால் அறியப்படும் என்பதைத் தொல்காப்பியமே சொல்லிவிட்டது. அதன் சொல்லதிகாரம், சொற்கள் ஒன்றோடொன்று ஒத்து நிற்பதைப் பேசும் கிளவியாக்கத்தில்தான் தொடங்குகிறது. பின்னால் வந்த நன்னூல், சொற்றொடரில் நேரும் வழுக்களை ஏழாக வகுத்தபோது திணை, பால், இடம் என்ற மூன்றையும் முதலில் வைத்தது. நம் மடலில் சங்கம் ஒப்புக்கொண்டனர் என்பது திணை வழு, மரங்கள் அகற்றப்பட்டது என்பது பால் வழு, நானும் அவரும் பார்வையிட்டேன் என்பதில் எண்ணும் இடமும் குழம்பியிருக்கின்றன.

இனி, பிழையே இல்லாத அந்த இரண்டு வாக்கியங்களுக்கு வரலாம்.

‘40 லோடு கிராவல் திங்கட்கிழமை வரும்’ என்பதில் சறுக்க வழியே இல்லை. அஃறிணையின் எதிர்காலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் ‘வரும்’ ஒன்றுதான். திங்கட்கிழமைக்குப் பிறகு எழுதும்போதுதான் கேள்வி எழும்: 40 லோடு கிராவல் வந்துள்ளதா, வந்துள்ளனவா? ‘வந்துள்ளது’ என்றே எழுதலாம். எழுவாய் கிராவல், 40 லோடு என்பது அதன் அளவு. லாரிகளை எண்ணினால் ‘40 லாரிகள் வந்துள்ளன’. பணத்துக்கும் இதே கணக்குதான். ‘ரூ.85,000 செலவாகியுள்ளது’ என்பதில் தொகை ஒன்றாகத்தான் எண்ணப்படுகிறது. ஆயிரக்கணக்கில் இருக்கிறதே என்று ‘செலவாகியுள்ளன’ என்று எழுதத் தேவையில்லை.

மற்ற வாக்கியம், ‘இன்னும் கையெழுத்திடவில்லை’. ‘இல்லை’ என்று முடியும் வினை எண்ணையும் காட்டாது, பாலையும் காட்டாது, இடத்தையும் காட்டாது. நான் இடவில்லை, அவர் இடவில்லை, அவர்கள் இடவில்லை, எல்லாம் ஒன்றுதான். அதனால் இதில் இயைபுப் பிழை நேரவே நேராது. அந்த வசதிக்கு விலையும் உண்டு: எழுவாயை விட்டுவிட்டால் வாக்கியம் எதையுமே சொல்லாது. யார் கையெழுத்திடவில்லை? முந்தைய வாக்கியத்தில் இருக்கும் சங்கத்தின் தலைவரா, ஊராட்சித் தலைவரா, எழுதியவரேவா? மேலாளர் தொலைபேசியை எடுத்தாக வேண்டும். ‘மோட்டார் ஓடவில்லை’ என்றாலும் இதே கதை. ஒரு மோட்டாரா, இரண்டுமா என்பதை ‘இல்லை’ காட்டிக்கொடுக்காது. ‘இரண்டு மோட்டாரும் ஓடவில்லை’ என்று எண்ணை வெளிப்படையாக எழுதினால்தான் உண்டு. ‘வேண்டும்’, ‘முடியும்’, ‘போதும்’, ‘தேவை’ என்று முடியும் வாக்கியங்களிலும் எழுவாயைத் தெளிவாக எழுதும் பொறுப்பு கூடுதலாக நம்மிடம் வருகிறது.

திருத்தும் வேலையைச் சுருக்கவும் வழியிருக்கிறது. எழுவாய்க்கு ஒத்து மாறுவது வினைமுற்று மட்டுமே. ‘வந்து’, ‘அகற்றி’ போன்ற எச்சங்களும் ‘வந்த’, ‘இருந்த’ போன்ற எச்சங்களும் எழுவாய் எதுவானாலும் அப்படியே இருக்கும். ஆகவே பத்து வரி மடலில் பார்க்க வேண்டியவை பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான். அவற்றிலும் பெரும்பான்மை ‘து’ என்று முடிபவை. கணினியில் எழுதினால் Ctrl+F அழுத்தி ‘ள்ளது’, ‘ட்டது’, ‘கிறது’ என்று ஒவ்வொன்றாகத் தேடலாம். கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ‘எது, எவை’ கேள்வியைப் போட்டுப் பார்த்தால் வேலை முடிந்தது. கைப்பேசியில் எழுதுகிறவர்கள் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் போகலாம். மேலிருந்து படித்தால் செய்தியின் ஓட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். கீழிருந்து வந்தால் ஒவ்வொரு வாக்கியமும் தனித்து நிற்கும்.

‘து’வை ‘ன’ ஆக்கும்போது சில சொற்கள் இடறும். உள்ளது உள்ளன ஆகும், முடிந்தது முடிந்தன ஆகும், அதில் சிரமமில்லை. நிகழ்காலத்தில் ‘நடைபெறுகிறது’ என்பது ‘நடைபெறுகின்றன’ ஆக வேண்டும். ‘நடைபெறுகிறன’ என்று ஒரு சொல் இல்லை. ‘ஆனது’ என்பதற்கு ஆயின, ‘போனது’ என்பதற்குப் போயின. ‘மூன்று குழாய்கள் பழுதாயின’ என்று எழுதக் கூச்சமாக இருந்தால், ‘மூன்று குழாய்கள் பழுதடைந்துள்ளன’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி, செயப்பாட்டு வினையையே குறைத்துக்கொள்வது. நிலவர மடல்களில் பிழை அதிகம் குடியிருக்கும் இடம் ‘படு’ சேர்ந்த வினைகள்தான்: அனுப்பப்பட்டுள்ளது, நீக்கப்பட்டது, இணைக்கப்பட்டுள்ளது. ‘அடைப்புகளை நீக்கினோம்’, ‘பில்களை இணைத்துள்ளேன்’ என்று எழுதிவிட்டால் எழுவாய் நான் அல்லது நாங்கள். பேச்சிலும் நாம் தவறாமல் பொருத்துகிற விகுதிகள் அவை. பொருள்கள் ‘ஐ’ உருபு ஏற்று ஒதுங்கிவிடும். யார் செய்தார் என்பதும் தெரிந்துவிடும். வேறு யாரோ செய்ததை நாம் செய்ததாகச் சொல்லாமல் இருந்தால் சரி. ஒப்பந்ததாரரின் ஆட்கள் மரம் வெட்டியிருந்தால் ‘ஒப்பந்ததாரரின் ஆட்கள் மரங்களை அகற்றிவிட்டனர்’ என்றே எழுதலாம்.

மனிதரும் பொருளும் சேர்ந்து எழுவாயாகும்போது யோசனை வரும். ‘பொக்லைனும் ஓட்டுநரும் வந்தனவா, வந்தனரா?’ இப்படிக் கலந்து வருபவற்றில் சிறப்பு, மிகுதி முதலியவை பற்றி ஒன்றன் முடிவைக் கொடுக்க நன்னூல் இடம் தருகிறது. மடலில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ‘ஓட்டுநருடன் பொக்லைன் வந்தது’ என்று எழுதினால் கேள்வியே எழாது.

சில அலுவலகங்களில் மேலாளரோடு பேச்சுத் தமிழிலேயே செய்தி அனுப்பும் பழக்கம் இருக்கிறது. ‘மேடம், லோடு எல்லாம் வந்துருச்சு, பில் அனுப்பியிருக்கேன்’ என்று ஒருவர் எழுதினால் அதில் திருத்த ஒன்றுமில்லை. அது முழுக்கப் பேச்சின் இலக்கணத்தில் நிற்கிறது. ‘லோடு எல்லாம் வந்துவிட்டன, பில் அனுப்பியிருக்கேன்’ என்று பாதியை மட்டும் மாற்றுவதுதான் கண்ணை உறுத்தும். எந்த நடையில் தொடங்கினோமோ அதிலேயே முடிப்பது நல்லது. ஆனால் அந்த மடல் நிதி கொடுப்பவருக்கோ மாவட்ட நிர்வாகத்துக்கோ அப்படியே முன்னனுப்பப்படும் என்றால், தொடக்கத்திலேயே எழுத்து நடையில் எழுதிவிடலாம்.

ஏரி மடல் திருத்திய பிறகு இப்படி இருக்கும்:

> வணக்கம் மேடம்,
>
> ஏரிப் பணியின் இந்த வார நிலவரம்:
>
> கரையில் இருந்த சீமைக்கருவேல மரங்களை ஒப்பந்ததாரரின் ஆட்கள் அகற்றிவிட்டனர். இரண்டு மதகுகளுக்கும் புதிய கதவு பொருத்தும் பணி முடிந்துள்ளது. வரத்துக் கால்வாயில் இருந்த அடைப்புகள் பொக்லைன் இயந்திரத்தின் மூலம் நீக்கப்பட்டன. நானும் உதவிப் பொறியாளரும் வியாழக்கிழமை கலிங்கைப் பார்வையிட்டோம். வண்டல் மண்ணை எடுத்துக்கொள்ள விவசாயிகள் சங்கம் ஒப்புக்கொண்டது. தீர்மானத்தில் சங்கத் தலைவர் மட்டும் இன்னும் கையெழுத்திடவில்லை. கரையை உயர்த்த 40 லோடு கிராவல் திங்கட்கிழமை வரும். இதுவரையான பில்களை இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> நன்றி.

நீளம் அதிகம் கூடவில்லை. மரத்தை வெட்டியவர்கள் யார், கலிங்கைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், தீர்மானம் யாரிடம் நிற்கிறது என்பதெல்லாம் வந்துவிட்டன. இதைப் படிக்கும் மேலாளர் அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சங்கத் தலைவரைக் கூப்பிட்டு, கையெழுத்துக்கு நாள் கேட்பது.